மதிப்பெண்ணுக்கு முன்னால் வரி: ரெஸ்யூம் தேர்வில் ஒவ்வோர் எண்ணுக்கும் சான்று எழுதிவைக்கும் முறை

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கும் சிறிய நிறுவனங்களுக்கு அலுவலக ஆட்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது என் வேலை. இந்த வேலையில் கடினமான கேள்வி நேர்காணலின்போது வருவதில்லை. எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து, ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலோ முதலாளி வீட்டு முகப்பிலோ அது வருகிறது: "அந்தப் பையனை ஏன் கூப்பிடவில்லை?" பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தில் இதே கேள்விக்கு என்னிடம் இருந்த பதில், அட்டவணையில் அவர் பெயருக்கு எதிரே எழுதியிருந்த 4 என்ற எண் மட்டுமே. அந்த 4 எதனால் வந்தது என்பது எனக்கே நினைவில்லை. ரெஸ்யூமை மறுபடி திறந்து, அந்த எண்ணுக்குப் பொருந்தும் காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னேன். அது நான் மதிப்பிட்டபோது இருந்த காரணமா, அன்று மாலை நானே உண்டாக்கிய காரணமா என்பதை இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

அதன் பிறகு கைக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். விதி ஒன்றுதான். ரெஸ்யூமிலிருந்து ஒரு வரியை எழுத்து மாறாமல் எடுத்து எழுதிய பிறகே அதற்குரிய மதிப்பெண்ணை எழுதலாம்; வரி கிடைக்காவிட்டால் மதிப்பெண்ணும் கிடையாது. இது எளிதாகத் தோன்றினாலும், நடைமுறையில் பிசகும் இடங்கள் பல. அவற்றை ஒரே ஓர் எடுத்துக்காட்டின் வழியாகக் காட்டுகிறேன். ஆத்தங்குடிப் பக்கம் கைவேலைத் தரைக்கற்கள் செய்து விற்கும் ஒரு நிறுவனத்துக்குக் கணக்காளர் ஒருவர் தேவைப்பட்டார். 41 விண்ணப்பங்கள் வந்தன. விண்ணப்பித்தவர்களை அடையாளம் தெரியாதபடி எண்ணால் மட்டும் குறிப்பிடுகிறேன். விவரங்களையும் அதற்கேற்ப மாற்றியிருக்கிறேன்.

அளவுகோலை ரெஸ்யூம் திறக்கும் முன் எழுதுங்கள்

மதிப்பிட வேண்டியவை நான்கு என்று முதலாளியோடு அமர்ந்து முடிவு செய்தோம். ஜி.எஸ்.டி. தாக்கல், டேலியில் பதிவு, வங்கிச் சரிகட்டும் பட்டியல், சரக்கிருப்புக் கணக்கு. தரைக்கல்லை எண்ணிக்கையில் இருப்பு வைத்துச் சதுர அடியில் விற்பதால், கடைசியாகச் சொன்னது அந்த நிறுவனத்துக்குத் தனித் தேவையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 12; அதில் 7 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களை நேர்காணலுக்கு அழைப்பது. இவ்வளவோடு நிறுத்திக்கொண்டோம். பத்துப் பன்னிரண்டு தகுதிகளை எழுதிவைத்தால் ஒவ்வொன்றுக்கும் வரி தேடும் பொறுமை யாருக்கும் இருக்காது. பத்தாவது ரெஸ்யூமுக்கு மேல் வரி எழுதும் கட்டத்தில் "பார்த்தேன்" என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

0, 1, 2, 3 என்ற ஒவ்வோர் எண்ணுக்கும் எந்த மாதிரி வரி தேவை என்பதையும் அப்போதே எழுத வேண்டும். "நன்றாகத் தெரியும்", "ஓரளவு தெரியும்" என்று எழுதும் அளவுகோல் இங்கே உதவாது. அந்தச் சொற்களுக்கு எதிரே எந்த வரியையும் வைக்கலாம். வரியில் கண்ணால் காணக்கூடியதை வைத்தே அளக்க வேண்டும். ஜி.எஸ்.டி. தகுதிக்கு நாங்கள் எழுதியது இது: அதைப் பற்றி வரியே இல்லையென்றால் 0. ஜி.எஸ்.டி. என்ற சொல் மட்டும் இருந்து, செய்த வேலை எதுவென்று தெரியாவிட்டால் 1. GSTR-1, GSTR-3B போன்ற படிவத்தின் பெயரும், தயாரித்தேன் அல்லது தாக்கல் செய்தேன் என்ற வினையும் இருந்தால் 2. அத்துடன் 12 மாதம் அல்லது அதற்கு மேற்பட்ட காலமும் தெரிந்தால் 3. மற்ற மூன்றுக்கும் இதே போக்கில் எழுதி, தேதியிட்டு, மூவர் கையெழுத்திட்டோம். இந்தத் தாள் முதல் ரெஸ்யூமைத் திறந்த தேதிக்கு முந்தையதாக இருப்பது முக்கியம். ஒருவருக்காகத்தான் அளவுகோலை வளைத்தீர்கள் என்று யாராவது சொன்னால், அதற்குப் பதில் அந்தத் தேதிதான்.

ரெஸ்யூமை உறைய வையுங்கள், வரிகளுக்கு எண் கொடுங்கள்

மேற்கோள் காட்டிய வரி பிறகு மாறிவிடக்கூடாது. திருத்திய ரெஸ்யூமைச் சிலர் இரண்டாம் முறை அனுப்புவார்கள். அது முதல் கோப்பின் மீது ஏறிவிட்டால் நீங்கள் எழுதிய வரி காணாமல் போகும். ஆகவே வந்தவுடன் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் கொடுத்து, மூலக் கோப்பைத் தனி அடைவில் வைத்து, அதைத் தொடாமல், அதிலிருந்து எடுத்த எழுத்து வடிவத்தில்தான் வேலை செய்ய வேண்டும். லினக்ஸ் கணினியில் நான் செய்வது இது:

```
sha256sum V17.pdf >> muthirai.txt
pdftotext V17.pdf V17.txt
sed '2,8s/.*/[மறைப்பு]/' V17.txt > V17_m.txt
cat -n V17_m.txt > V17_n.txt
```

முதல் வரி கோப்பின் உள்ளடக்கத்துக்கு ஒரு முத்திரை எண்ணைக் கணித்து எழுதிவைக்கிறது; கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். இரண்டாவது வரி எழுத்துகளைப் பிரித்தெடுக்கிறது. மூன்றாவது, சொந்த விவரங்களை மறைக்கிறது. நான்காவது, வரி எண் இடுகிறது. கணினியில் இதைச் செய்ய வசதியில்லாதவர்கள் ரெஸ்யூமை அச்சிட்டு, ஓரத்தில் ஐந்து வரிக்கு ஒருமுறை பென்சிலால் எண் எழுதி, அந்தத் தாளையே கோப்பில் வைத்துக்கொள்ளலாம். அது எவ்விதத்திலும் குறைந்த முறை ஆகாது.

மறைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்து ரெஸ்யூமில் தகப்பனார் பெயர், சொந்த ஊர், சமூகம், திருமண நிலை, புகைப்படம் எல்லாம் இருக்கும். சிலர் கோயில் பிரிவைக்கூட எழுதியிருப்பார்கள். படிப்பவருக்கு அந்த நான்கு வரியிலேயே ஆள் யார், யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துவிடும். பிறகு அவர் படிக்கும் ஒவ்வொரு வரியும் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும். எனவே அந்த வரிகளை மறைக்கிறோம். ஆனால் அழிக்கக்கூடாது. ஏழு வரிகளை நீக்கிவிட்டால் கீழே உள்ள வரிகளின் எண்கள் எல்லாம் ஏழு குறைந்துவிடும். பிறகு மூலக் கோப்போடு ஒப்பிடும்போது நீங்கள் 31 என்று எழுதியது வேறொரு வரியைக் காட்டும். மேலே கொடுத்த கட்டளை வரியின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றி, வரியை அங்கேயே விட்டுவைக்கிறது. 2,8 என்பது ஒவ்வொரு ரெஸ்யூமிலும் மாறும். எந்த வரிகளை மறைப்பது என்பதை மதிப்பிடாத ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது மூன்று இடங்களில் தடை வரும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ் ரெஸ்யூம், பிரித்தெடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வரும். அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே எண்ணிட வேண்டும். வாட்சப்பில் புகைப்படமாக வந்த ரெஸ்யூமில் எழுத்தே இருக்காது. அதைக் கையால் தட்டச்சு செய்து, "படத்திலிருந்து தட்டச்சு செய்தது" என்று குறித்து, வேறொருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்றாவது தடை, பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்த வடிவமைப்பு. அது எங்களை எப்படிக் கவிழ்த்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பதிவின் ஒரு வரிசை

ஒரு விண்ணப்பதாரருக்கு ஒரு தகுதிக்கு ஒரு வரிசை. 41 பேருக்கு நான்கு தகுதி என்றால் 164 வரிசைகள். கட்டங்களை இடமிருந்து வலமாக நிரப்ப வேண்டும். மதிப்பெண் கட்டம் வேண்டுமென்றே வலப்பக்கம் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. வி-23 என்பவரின் ஜி.எஸ்.டி. வரிசையை, கட்டங்களை மேலிருந்து கீழாக அடுக்கித் தருகிறேன்.

```
விண்ணப்பம்   : வி-23
தகுதி        : ஜி.எஸ்.டி. தாக்கல்
வரி எண்      : 31
வரி          : "ஆறு வாடிக்கையாளர்களுக்கு GSTR-1, GSTR-3B
               தாக்கல் செய்தேன், 2021 ஏப்ரல் - 2024 மார்ச்"
எதிர் வரி    : 27 - "2022 ஜூன் முதல் கணக்கு உதவியாளர்"
அளவுகோல்    : படிவம் + வினை + 12 மாதத்துக்கு மேல்
காரணம்      : 27-ஐ ஏற்றாலும் 22 மாதம் வருகிறது
மதிப்பெண்    : 3
எழுதியவர்    : மதிப்பீட்டாளர் 1
```

வி-23 ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். படிக்க வசதியாக இங்கே தமிழாக்கித் தந்திருக்கிறேன். உண்மையான பதிவில் மொழிபெயர்க்கவே கூடாது. "கையாண்டேன்", "உதவினேன்", "தாக்கல் செய்தேன்" ஆகிய மூன்றுக்கும் இடையே மதிப்பெண் வேறுபாடு இருக்கும்போது, மொழிபெயர்ப்பவரின் கை தவறினால் ஒரு மதிப்பெண் கூடிவிடும். எழுத்துப் பிழை இருந்தால் அந்தப் பிழையோடேயே எழுத வேண்டும்.

"காரணம்" என்ற கட்டத்தில் ஒரே வாக்கியம் போதும். அது வரியையும் அளவுகோலையும் இணைக்க வேண்டும், வேறெதையும் சேர்க்கக்கூடாது. இங்கே நம் ஊர்களில் எழும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தேவகோட்டையில் எந்த ஆடிட்டர் அலுவலகம் என்ன வேலை எடுக்கிறது என்பது மதிப்பிடுபவருக்கு நேரடியாகத் தெரிந்திருக்கும். "அங்கே இருந்தவருக்கு ஏற்றுமதிக் கணக்கு தெரியாமலா இருக்கும்?" என்று எழுதத் தோன்றும். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அது ரெஸ்யூமில் இல்லாத, மதிப்பிடுபவர் கொண்டுவந்து சேர்த்த செய்தி. வெளியூரிலிருந்து விண்ணப்பித்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. அதைத் தனியே "குறிப்பு" என்று எழுதி, மதிப்பெண்ணில் சேர்க்காமல், நேர்காணலில் கேட்டுக்கொள்ளலாம். பி.காம். படித்திருக்கிறார், ஆகவே டேலி தெரியும் என்பதும் இதே வகைதான்.

ஒரு வரியை இரண்டு தகுதிக்குக் காட்டலாமா என்று கேட்பார்கள். ஒரே வரியில் இரண்டு தனித்தனி வேலைகள் சொல்லப்பட்டிருந்தால் காட்டலாம். அந்தந்த வேலைக்குரிய சொற்களை மட்டும் எடுத்து எழுத வேண்டும். "எல்லாக் கணக்கு வேலைகளையும் பார்த்துக்கொண்டேன்" என்ற ஒரு வரியை நான்கு தகுதிக்கும் காட்டி நான்கு மதிப்பெண் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

எதிர் வரியைத் தேடுவது

மேற்கோள் காட்டும் முறையின் மிகப் பெரிய ஆபத்து, மதிப்பெண்ணை முதலில் மனத்தில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஏற்ற வரியைத் தேடுவது. அப்படிச் செய்த பதிவும் வெளியே பார்க்க ஒழுங்காகவே இருக்கும். இதைத் தடுக்கத்தான் எதிர் வரி என்ற கட்டம். ரெஸ்யூம் முழுவதையும் படித்து, எடுத்துக்கொண்ட வரிக்கு முரணாகவோ அதைக் குறைத்துக் காட்டுவதாகவோ ஏதாவது இருந்தால் எழுத வேண்டும். இல்லையென்றால் "இல்லை" என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விடக்கூடாது, வெற்றிடம் என்றால் தேடவில்லை என்று பொருள்.

வி-23 கதையில் 31-ஆம் வரி 2021 ஏப்ரலில் தொடங்குகிறது. ஆனால் வேலையில் சேர்ந்ததாக 27-ஆம் வரி சொல்வது 2022 ஜூன். இடையில் 14 மாதம். பொய்யாக இருக்கலாம், அதற்கு முன் பயிற்சியாளராக அங்கேயே இருந்திருக்கலாம், தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம். மதிப்பிடுபவர் இதில் எதையும் ஊகிக்கக்கூடாது. இரண்டு வரிகளும் ஒத்துப்போகும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 ஜூன் முதல் 2024 மார்ச் வரை 22 மாதம். 12-க்கு மேல் இருப்பதால் 3 நிலைத்தது. அந்த 14 மாதம் நேர்காணல் கேள்வியாகத் தனியே எழுதப்பட்டது.

காலத்தோடு பொருந்தாத பெயர்களும் எதிர் வரிதான். 2018-இல் GSTR-2B பார்த்துச் சரிகட்டியதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்த அறிக்கை நடைமுறைக்கு வந்ததே 2020-இல். அன்றிருந்த GSTR-2A-வைத்தான் இப்போதைய பெயரால் சொல்கிறாரா, அல்லது எங்கிருந்தோ எடுத்து ஒட்டினாரா என்பது கேட்டால் தெரியும். பதிவில் இரண்டையும் எழுதிவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

வரி இல்லை என்பதை எப்படி எழுதுவது

இருப்பதற்குச் சான்று காட்டுவது எளிது. இல்லாததற்குச் சான்று காட்டுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. பெரும்பாலான சர்ச்சைகள் 0 போட்ட இடத்தில்தான் எழுகின்றன. 0 என்றால் "இவருக்குத் தெரியாது" என்று பொருளாகாது. "இவருடைய ரெஸ்யூம் சொல்லவில்லை" என்று மட்டுமே பொருள். ஆகவே கட்டத்தில் "தெரியாது" என்று எழுதாமல், எந்த வரி முதல் எந்த வரி வரை படிக்கப்பட்டது, என்னென்ன சொற்கள் தேடப்பட்டன என்பதை எழுத வேண்டும். வங்கிச் சரிகட்டும் பட்டியலை ரெஸ்யூமில் ஆங்கிலத்தில் முழுப் பெயராகவும் எழுதுவார்கள், பி.ஆர்.எஸ். என்று சுருக்கியும் எழுதுவார்கள். ஆகவே தேடிய சொற்பட்டியல் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பது அவசியம். மேலும், 0 எழுதுவதற்கு முன் பிரித்தெடுத்த எழுத்தை மட்டும் பார்க்காமல் மூலப் பக்கத்தைக் கண்ணால் படித்தாக வேண்டும். இந்தக் கடைசி விதி எங்களிடம் தொடக்கத்தில் இல்லை.

மதிப்பெண்ணைக் குறைக்கவும் இதே ஒழுங்கு பொருந்தும். முதல் சுற்றில் எங்களில் ஒருவர், மூன்றாண்டு இடைவெளி விட்டு மீண்டும் வேலைக்கு வர விரும்பிய ஒரு பெண்ணுக்கு டேலியில் ஒன்று குறைத்து எழுத முயன்றார். எழுத முடியவில்லை. இடைவெளியைக் காட்டும் வரி இருந்தது. ஆனால் அதை இணைக்க அளவுகோலில் இடம் இல்லை. காரணம் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. ஆள் எடுப்பதில் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அதை நினைவூட்ட வேண்டிய தேவைகூட அன்று வரவில்லை.

இரண்டு விதமான சரிபார்ப்பு

முதலாவது, எழுதிய வரி உண்மையிலேயே ரெஸ்யூமில் இருக்கிறதா என்பது. இதற்கு அந்த வரியின் ஒரு பகுதியைக் கோப்பில் தேடினால் போதும்.

```
grep -nF "GSTR-3B" V23_m.txt
```

பதிலில் 31 என்ற எண்ணோடு வரி வந்தால் சரி. எதுவுமே வராவிட்டால், மேற்கோளை நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கட்டளை வரிக்கு வரி தேடுவதால், இரண்டு வரிகளில் உடைந்து கிடக்கும் சொற்றொடரை அது காணாது. ஆகவே ஒரு வரிக்குள் அடங்கும் பகுதியைத்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது சரிபார்ப்பைக் கணினி செய்ய முடியாது. வரி இருக்கிறது, ஆனால் அது அந்த மதிப்பெண்ணைத் தாங்குகிறதா? இதற்கு இருபது வரிசைகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, வரியையும் எதிர் வரியையும் அளவுகோலையும் மட்டும் ஒரு தாளில் எழுதி, மதிப்பெண்ணைக் காட்டாமல் வேறொருவரிடம் கொடுத்து எண் போடச் சொல்வேன். எங்கள் தரைக்கல் நிறுவனத்தில் அதைச் செய்தவர் கணக்கு வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிடங்கு மேலாளர். இருபதில் மூன்று மாறின. மூன்றுமே டேலி தகுதியில். "டேலியில் வேலை" என்பதில் "வேலை" ஒரு வினையா இல்லையா என்று அளவுகோலில் நாங்கள் தெளிவாக எழுதவில்லை. தவறு மதிப்பிட்டவரிடம் இல்லை, அளவுகோலில் இருந்தது. அதைத் திருத்தித் தேதியிட்டு, டேலி வரிசைகள் 41-ஐயும் மறுபடி பார்த்தோம். மாறியவை தலா ஒரு மதிப்பெண்தான். அவற்றால் எல்லைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ யாரும் போகவில்லை.

மதிப்பெண்ணை மாற்றும்போது

பழைய எண்ணின் மேல் புதிய எண்ணை எழுதக்கூடாது. பழைய வரிசையை அடித்துவிட்டு, படிக்கும்படி விட்டுவைத்து, கீழே புதிய வரிசையை வரி, காரணம், தேதி ஆகியவற்றோடு எழுத வேண்டும். செட்டிநாட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தொகையில் சுரண்டி எழுதிய இடம் கண்டால் பெரியவர்கள் கணக்கையே தள்ளிவைத்துவிடுவார்கள். எக்செலில் செய்பவர்கள் மதிப்பெண் பக்கத்தைப் பூட்டி, மாற்றங்களைத் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

வி-17

இனி, கேள்வி வந்த நாள். அழைப்புக் கடிதங்கள் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. முதலாளியின் பங்காளி ஒருவர் வி-17-க்காகப் பேசியிருக்கிறார். முதலாளி என்னை அழைத்தார். "அண்ணே கேட்கிறார், அந்தப் பையனை ஏன் கூப்பிடவில்லை என்று. நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

"நான்கு வரிசை இருக்கிறது ஐயா, படிக்கிறேன்" என்று சொல்லிப் பதிவை விரித்தேன். ஜி.எஸ்.டி.க்கு 22-ஆம் வரி: "ஜி.எஸ்.டி. மற்றும் கணக்கு சார்ந்த பணிகளைக் கையாண்டேன்." படிவத்தின் பெயர் இல்லை, 1. டேலிக்கு 24-ஆம் வரி, விற்பனைப் பற்றுச்சீட்டுகளைப் பதிவு செய்ததாகச் சொல்கிறது, காலம் இல்லை, 2. சரக்கிருப்புக்கு 29-ஆம் வரி, கிடங்கு இருப்பை மாதம் ஒருமுறை எண்ணிச் சரிபார்த்ததாகச் சொல்கிறது, 2. வங்கிச் சரிகட்டுக்கு 0. ரெஸ்யூம் முழுவதும் தேடியும் கிடைக்கவில்லை என்று குறிப்பு. மொத்தம் 5, எல்லை 7.

முதலாளி ரெஸ்யூமின் அச்சுப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டாம் பக்கத்தின் வலப்பத்தியில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். மூன்று வங்கிக் கணக்குகளை வாரந்தோறும் சரிகட்டியதாக, 2022 முதல் 2024 வரை என்று, தெளிவாக அச்சாகியிருந்தது.

நடந்தது இதுதான். அந்தச் சுற்றில் எழுத்தைப் பிரித்தெடுத்தபோது `pdftotext -layout` என்று கொடுத்திருந்தோம். அது பக்கத்தின் தோற்றத்தைக் காப்பாற்றும் என்பதற்காக இரு பத்திகளையும் பக்கம்பக்கமாக ஒரே வரியில் வைத்துவிடும். வி-17-இன் ரெஸ்யூமில் வங்கி என்ற சொல் ஒரு வரியின் முடிவிலும் சரிகட்டு என்ற சொல் அடுத்த வரியின் நடுவிலும் விழ, இடையே இடப்பத்தியில் இருந்த தெரிந்த மொழிகள், பொழுதுபோக்கு எல்லாம் புகுந்துவிட்டன. தேடலில் அகப்படவில்லை. மதிப்பிட்டவர் மூலப் பக்கத்தைப் புரட்டாமல் 0 எழுதிவிட்டார். நான்காவது வரிசையை அன்றே அடித்துவிட்டு, மூலப் பக்கம் 2, வலப்பத்தி, ஏழாம் வரி என்று இடம் குறித்து 3 எழுதினோம். மொத்தம் 8.

"சரி, கூப்பிட்டுவிடலாம்" என்றார் முதலாளி. இங்கேதான் பலர் நிறுத்திவிடுவார்கள்; நிறுத்தினால் பரிந்துரை உள்ளவருக்கு மட்டும் மறுபார்வை கிடைத்ததாக ஆகிவிடும். பிழை ஆளைச் சேர்ந்ததில்லை, பக்கத்தின் வடிவமைப்பைச் சேர்ந்தது. 41-இல் இரண்டு பத்தியாக இருந்த ரெஸ்யூம்கள் வி-17-ஐச் சேர்த்து ஆறு. மீதி ஐந்தையும், பரிந்துரை பற்றி அறியாத இரண்டாம் மதிப்பீட்டாளர் மூலப் பக்கத்தைக் கண்ணால் படித்து மறுபடி எழுதினார். இருவருடைய வரிசைகள் மாறின. ஒருவர் 4-இலிருந்து 5-க்கு வந்தார், எல்லையைத் தொடவில்லை. இன்னொருவர் 6-இலிருந்து 8 ஆனார். அவருக்காக யாரும் பேசியிருக்கவில்லை. வி-17-க்குப் போன அதே தபாலில் அவருக்கும் அழைப்புப் போனது.

இந்த முறை எதுவரை செல்லும்

மேற்கோள் காட்டிய வரி, விண்ணப்பதாரர் அப்படி எழுதியிருக்கிறார் என்பதற்கு மட்டுமே சான்று. அது உண்மை என்பதற்குச் சான்றாகாது. நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு இந்த முறை சற்றுச் சாதகம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேலை தெரிந்தும் "எல்லாம் பார்த்துக்கொண்டேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுபவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு. அதற்காக, எல்லைக்கு ஒரு மதிப்பெண் குறைவாக இருக்கும் எல்லோரையும், ஒருவர் விடாமல், தொலைபேசியில் அழைத்து 0 அல்லது 1 வாங்கிய தகுதியைப் பற்றி ஒரே கேள்வியைக் கேட்கிறோம். அவர்கள் சொன்ன பதிலை "தொலைபேசியில் சொன்னது" என்று குறித்துத் தனி வரிசையாக எழுதுகிறோம்.

நேர்காணலில் மதிப்பெண் பட்டியலை எடுத்துப்போகாமல் வரிப் பட்டியலை எடுத்துப்போகிறேன். வி-23-இடம் கேட்டது: "31-ஆம் வரியில் GSTR-3B தாக்கல் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். சரக்கு அனுப்பியவரின் பில் உங்கள் GSTR-2B-யில் வரவில்லையென்றால் அந்த மாதம் என்ன செய்தீர்கள்?" 2022 ஜனவரி முதல், அதில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவை எடுக்க முடியாது. உண்மையாகவே தாக்கல் செய்தவர், அனுப்பியவருக்கு எத்தனை முறை தொலைபேசியில் பேசினார் என்பதிலிருந்து தொடங்குவார். பதிலை அதே வரிசையில் "சரிபார்த்தது" என்ற கட்டத்தில் எழுதிக்கொள்கிறேன். முதற்கட்ட மதிப்பெண்ணைத் தொடுவதில்லை.

பதிவை யாரிடம் காட்டலாம் என்பதிலும் எல்லை உண்டு. விண்ணப்பித்தவர் கேட்டால் அவருடைய நான்கு வரிசைகளைக் காட்டலாம், மற்றவர்களுடையதைக் காட்டக்கூடாது. பரிந்துரை செய்த உறவினருக்கு மொத்த எண்ணைக்கூடச் சொல்வதில்லை. அன்று அந்த அண்ணனுக்குப் போன பதில், பையனுக்கே கடிதம் வரும் என்பதுதான். அரசு உதவி பெறும் கல்லூரி போன்ற இடங்களில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படியும் கேள்வி வரக்கூடும் என்பதால், அங்கே பதிவு செய்பவர்கள் காரணக் கட்டத்தில் வெளியாள் படித்தாலும் புரியும்படி எழுதிப் பழக வேண்டும். ஆனால் ரெஸ்யூம்களைக் காலவரையின்றிச் சேர்த்து வைப்பதும் சரியல்ல. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு பெறப்பட்டதோ அது முடிந்தபின் அழிக்கச் சொல்கிறது. தரைக்கல் நிறுவனத்தில் 12 மாதம் என்று முடிவு செய்து, அந்தத் தேதியை அளவுகோல் தாளின் கீழேயே எழுதி வைத்திருக்கிறோம். அந்த நாளில் கோப்புகளை அழிக்க வேண்டியவர் கிடங்கு மேலாளர்.